ஃபாலோ ஆன்: கேப்டன் கையில் இருக்கும் இருமுனைக் கத்தி

2024 டிசம்பர் 17. பிரிஸ்பேன் காபா மைதானம். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 445. இந்தியாவின் ஒன்பதாவது விக்கெட்டாக ரவீந்திர ஜடேஜா வெளியேறியபோது ஸ்கோர்போர்டில் 213. களத்தில் மிச்சம் இருந்தவர்கள் ஜஸ்பிரீத் பும்ராவும் ஆகாஷ் தீப்பும். இருவருமே பந்துவீச்சாளர்கள். அவர்களிடம் யாரும் சதத்தை எதிர்பார்க்கவில்லை. அணிக்குத் தேவைப்பட்டது 246 என்ற எண் மட்டும்தான். தட்டுத் தடுமாறி, தடுத்து, ஓடி, கடைசியில் பேட் கம்மின்ஸ் பந்தை ஆகாஷ் தீப் கல்லிக்கு மேலே பவுண்டரிக்கு அனுப்பினார். ஓய்வறையில் விராட் கோலியும் பயிற்சியாளர் கௌதம் கம்பீரும் துள்ளிக் குதித்துக் கை தட்டிக்கொண்டார்கள்.

அப்போதும் இந்தியா ஏறத்தாழ 200 ரன் பின்தங்கித்தான் இருந்தது. பின் எதற்கு இந்தக் கொண்டாட்டம்? அந்த ஒரு பவுண்டரியால், 'நீங்களே மறுபடி பேட் செய்யுங்கள்' என்று சொல்லும் உரிமை ஆஸ்திரேலியாவின் கையிலிருந்து போய்விட்டது. அந்த உரிமைக்குப் பெயர்தான் ஃபாலோ ஆன். இரண்டு இன்னிங்ஸ் ஆட்டத்தில் கேப்டன் எடுக்கும் முடிவுகளில் இதைப்போல ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்படுவது வேறு இல்லை. அதைப் பற்றிப் பரவலாக நம்பப்படும் பாடம் பாதிதான் சரி என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

246 எங்கிருந்து வந்தது?

கிரிக்கெட் விதிகளில் 14-வது விதி ஃபாலோ ஆனுக்கு உரியது. ஐந்து நாள் ஆட்டத்தில், முதலில் பேட் செய்த அணி குறைந்தது 200 ரன் முன்னிலை பெற்றால், எதிரணியை உடனே இரண்டாவது இன்னிங்ஸ் ஆடச் சொல்லலாம். சரியாக 200 முன்னிலை என்றாலும் சொல்லலாம். ஆகவே தப்பிக்க நினைக்கும் அணி வித்தியாசத்தை 199-க்குக் கொண்டுவந்தாக வேண்டும். முதல் அணியின் ஸ்கோரிலிருந்து 199-ஐக் கழித்தால் வரும் எண்தான் தப்பிக்கும் எண். 445-இல் 199 போனால் 246. தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் காட்டுவது இதைத்தான்.

இந்த ஒரு ரன் கணக்கை 1990-இல் லார்ட்ஸில் கபில் தேவ் காட்டிய விதத்தை யாரும் மறக்க முடியாது. கிரஹாம் கூச் 333 ரன் குவித்த ஆட்டம் அது. இங்கிலாந்து 653 ரன்னுக்கு டிக்ளேர் செய்தது. இந்தியா தப்பிக்க 454 எடுக்க வேண்டும். ஒன்பது விக்கெட் போன நிலையில் ஸ்கோர் 430. தேவை 24. மறுமுனையில் இருந்தவர் நரேந்திர ஹிர்வானி. அவர் ஒரு ஓவரைத் தாக்குப்பிடிப்பார் என்று கபில் நம்பவில்லை. எட்டி ஹெமிங்ஸின் ஓவரில் கடைசி நான்கு பந்துகளையும் தொடர்ந்து நான்கு சிக்ஸர்களாக்கினார். சரியாக 24. அடுத்த ஓவரிலேயே ஹிர்வானி எல்.பி.டபிள்யூ. இந்தியா 454-க்கு ஆல் அவுட், வித்தியாசம் சரியாக 199. ஆட்டத்தில் இந்தியா தோற்றது உண்மை. ஆனால் இங்கிலாந்து மறுபடி பேட் செய்ய வேண்டியிருந்தது.

விதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இந்த உரிமை முதலில் பேட் செய்த அணிக்கு மட்டும்தான். இரண்டாவதாக பேட் செய்த அணி 300 ரன் முன்னிலை பெற்றாலும் அங்கே ஃபாலோ ஆன் என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரணி எப்படியும் அடுத்து பேட் செய்யத்தான் போகிறது.

200 என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான எண் அல்ல. மூன்று அல்லது நான்கு நாள் ஆட்டத்தில் 150 போதும். இரண்டு நாள் ஆட்டத்தில் 100. ஒரே நாளில் இரண்டு இன்னிங்ஸ் ஆடும் ஆட்டமென்றால் 75. ரஞ்சிக் கோப்பையின் லீக் ஆட்டங்கள் நான்கு நாள் என்பதால் அங்கே 150-தான் கணக்கு. காலம் குறையக் குறைய முன்னிலையின் மதிப்பு கூடும் என்பதே இதன் தர்க்கம்.

மழை வந்தால்? பலர் தடுமாறும் இடம் இது. டெஸ்டின் முதல் நாள் முழுக்க ஒரு பந்துகூட வீசப்படாமல் போனால், அது நான்கு நாள் ஆட்டமாகக் கருதப்படும், வரம்பு 150-க்கு இறங்கும். ஆனால் முதல் நாளில் ஒரே ஒரு ஓவர் தொடங்கிவிட்டாலும் அது முழு நாளாகவே எண்ணப்படும். பிற்பாடு இரண்டு நாள் மழையில் கரைந்தாலும் வரம்பு மாறாது. காபாவில் முதல் நாள் மழைக்கு நடுவே 13.2 ஓவர்தான் வீச முடிந்தது. அந்த 13.2 ஓவர் நடந்ததால்தான் இலக்கு 246 ஆனது. அதுவும் நடக்காமல் போயிருந்தால், அதே 445-க்கு எதிராக இந்தியா 296 எடுக்க வேண்டியிருந்திருக்கும். இந்தியா எடுத்ததோ 260.

கேப்டன் செய்ய வேண்டியது எதிரணி கேப்டனுக்கும் நடுவர்களுக்கும் முடிவைத் தெரிவிப்பது. சொன்னபின் மாற்றிக்கொள்ள முடியாது. இடைவெளி பத்து நிமிடம். அதற்குள் எதிரணியின் தொடக்க ஆட்டக்காரர்கள் மறுபடி கால்காப்பு கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு சலுகையும் அவர்களுக்கு உண்டு: புது இன்னிங்ஸுக்கு முன் ஆடுகளத்தில் ரோலர் உருட்டச் சொல்லும் உரிமை பேட் செய்யும் அணியுடையது.

கட்டாயமாக இருந்த காலம்

இது கேப்டனின் விருப்பம் என்பதே பிற்பாடு வந்த ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபாலோ ஆன் கட்டாயம். குறிப்பிட்ட ரன்னுக்கு மேல் பின்தங்கினால், முன்னிலை பெற்ற அணி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மற்ற அணி மறுபடி ஆட வேண்டும். விளைவு விசித்திரமாக இருந்தது. பின்தங்கிய அணி ஃபாலோ ஆன் ஆக ஆசைப்பட்டது, முன்னிலை பெற்ற அணி அதைத் தடுக்கப் பார்த்தது.

1893-இல் லார்ட்ஸில் நடந்த ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் ஆட்டத்தில் அப்போதைய வரம்பு 80 ரன். ஆக்ஸ்ஃபோர்டின் கடைசி ஜோடி சில ரன்களே குறைவாக இருந்த நிலையில், வேண்டுமென்றே ஆட்டமிழந்து ஃபாலோ ஆன் ஆவது பற்றி யோசிக்கத் தொடங்கியது. அதைப் புரிந்துகொண்ட கேம்பிரிட்ஜ் பந்துவீச்சாளர் பந்தை எல்லைக்கோடுவரை அகலப்பந்தாக வீசி, எதிரணிக்குத் தானே ரன் கொடுத்து ஃபாலோ ஆனைத் தவிர்த்தார். அடுத்த ஆண்டே வரம்பு 120 ஆக உயர்த்தப்பட்டது. 1896-இல் அதே இரு அணிகள், அதே மைதானம், அதே தந்திரம். இந்த முறை அரங்கில் இருந்தவர்கள் கேம்பிரிட்ஜ் அணியைக் கூச்சலிட்டுத் திட்டினார்கள். நான்காவது இன்னிங்ஸில் ஆக்ஸ்ஃபோர்டு 330 ரன் எடுத்து வென்று பழிதீர்த்துக்கொண்டது. இந்தக் கூத்துக்குப் பிறகு, 1900-இல் ஃபாலோ ஆன் கேப்டனின் விருப்பமாக மாறியது.

அந்த மாணவர்கள் எதிரணிக்கு ரன்னைத் தாரை வார்த்ததற்குக் காரணம் இருந்தது. தங்கள் பந்துவீச்சாளர்கள் தொடர்ந்து வீசக் கூடாது, தேய்ந்த ஆடுகளத்தில் கடைசியாகத் தாங்கள் பேட் செய்யக் கூடாது என்பதே அவர்கள் கவலை. இன்றைய கேப்டனின் கவலையும் இதே இரண்டுதான்.

ஈடன் கார்டன்ஸ், மார்ச் 2001

ஃபாலோ ஆன் என்றாலே இந்தியர்களுக்கு நினைவு வருவது ஒரே ஆட்டம்தான். அதை இந்த முறை ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வாவின் இடத்திலிருந்து பார்ப்போம்.

மும்பையில் மூன்றே நாளில் பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றுவிட்டு கொல்கத்தாவுக்கு வந்தது ஆஸ்திரேலியா. அது அவர்களின் தொடர்ச்சியான 16-வது டெஸ்ட் வெற்றி. கொல்கத்தாவில் முதல் நாள் ஹர்பஜன் சிங், பான்டிங், கில்கிறிஸ்ட், வார்ன் மூவரையும் அடுத்தடுத்த பந்துகளில் வீழ்த்தி டெஸ்டில் ஹாட்ரிக் எடுத்த முதல் இந்தியர் ஆனார். ஆனாலும் ஸ்டீவ் வா 110 ரன் எடுத்து, கில்லெஸ்பியுடன் ஒன்பதாவது விக்கெட்டுக்கு 133 ரன் சேர்த்து அணியை 445-க்குக் கொண்டுபோனார். பதிலுக்கு இந்தியா இரண்டாம் நாள் முடிவில் 8 விக்கெட்டுக்கு 128. மூன்றாம் நாள் காலையில் 171-க்கு ஆல் அவுட். முன்னிலை 274.

வாவின் முன்னால் இருந்த கணக்கைப் பாருங்கள். இந்தியாவை வீழ்த்த அவர் பந்துவீச்சாளர்களுக்கு ஆன ஓவர் 58.1 மட்டுமே. அதுவும் இரண்டு நாளாகப் பிரிந்து, நடுவே ஓர் இரவு ஓய்வு. கிளென் மெக்ராத் 14 ஓவரில் 18 ரன் கொடுத்து 4 விக்கெட். கில்லெஸ்பி 11 ஓவர், காஸ்ப்ரோவிச் 13, வார்ன் 20 ஓவரும் ஒரு பந்தும். ஒரு டெஸ்ட் நாளின் கணக்கு 90 ஓவர். அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வீசாதவர்களைக் களைத்தவர்கள் என்று யார் சொல்வார்கள்? மூன்று நாளில் பெரும்பகுதி மிச்சம். தொடரில் 1–0 முன்னிலை. எதிரணி தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது. வா ஃபாலோ ஆன் கொடுத்தார். அன்று காலை அந்த முடிவைத் தவறென்று சொல்ல வலுவான காரணம் எதுவும் இல்லை.

ஒரு சின்ன மாற்றம் இந்திய ஓய்வறையில் நடந்தது. முதல் இன்னிங்ஸில் ஆறாவதாக இறங்கி 59 எடுத்த வி.வி.எஸ். லக்ஷ்மணிடம், கால்காப்பைக் கழற்ற வேண்டாம், மூன்றாவதாக இறங்கு என்றார் பயிற்சியாளர் ஜான் ரைட். மூன்றாவது இடத்துக்காரரான ராகுல் டிராவிட் ஆறாவது இடத்துக்குப் போனார்.

தொடக்க ஜோடியான சென்னைக்காரர் சடகோபன் ரமேஷும் சிவ சுந்தர் தாஸும் அரைசதக் கூட்டணி அமைத்தார்கள். டெண்டுல்கர் 10-இல் போனார். கேப்டன் கங்குலி 48. நான்காவது விக்கெட் விழுந்தபோது இந்தியா 232. அப்போது டிராவிட் இறங்கினார். மூன்றாம் நாள் முடிவில் 4 விக்கெட்டுக்கு 254. இன்னமும் 20 ரன் பின்னால்.

நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட் விழவில்லை. இருவரும் சேர்ந்து அன்று மட்டும் அணியின் ஸ்கோரை 254-லிருந்து 589-க்கு ஏற்றினார்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே கரடுமுரடான இடத்தில் விழுந்து திரும்பிய வார்னின் பந்துகளை லக்ஷ்மண் இறங்கி வந்து ஒரு சமயம் கவர் பக்கமும், அதே மாதிரிப் பந்தை அடுத்த முறை மிட்விக்கெட் பக்கமும் அடித்தார். கள வியூகம் அமைக்கவே வழியில்லாமல் போனது. 34 ஓவரில் வார்ன் கொடுத்தது 152 ரன். வா ஒன்பது பேரைப் பந்துவீச வைத்தார். ஹேடன், ஸ்லேட்டர், லாங்கர் என்று மேல்வரிசை ஆட்டக்காரர்கள்வரை வந்து கையைச் சுழற்றினார்கள். ரிக்கி பான்டிங் 12 ஓவர் வீசினார்.

ஐந்தாம் நாள் காலையில் 376 ரன் கூட்டணி முறிந்தது. லக்ஷ்மண் 281, டிராவிட் 180. இந்தியா 7 விக்கெட்டுக்கு 657 எடுத்து டிக்ளேர் செய்தது. ஆஸ்திரேலியா அந்த இன்னிங்ஸில் வீசியது 178 ஓவர். முதல் இன்னிங்ஸையும் சேர்த்தால் இடையில் பேட் செய்யாமல் 236 ஓவர்.

தோற்றது எங்கே?

இத்தோடு கதையை முடித்துவிட்டு, 'பந்துவீச்சாளர்கள் களைத்துவிட்டார்கள், அதனால் தோற்றார்கள்' என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் 657 ரன் ஆஸ்திரேலியாவைத் தோற்கடிக்கவில்லை. அது அவர்களின் வெற்றியைத்தான் பறித்தது. 384 இலக்கு, கையில் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. டிரா செய்தாலே தொடரில் முன்னிலை அவர்களிடம்தான் இருக்கும். தேநீர் இடைவேளையில் 3 விக்கெட்டுக்கு 161. அந்த நேரத்தில் மைதானத்தில் இருந்த பெரும்பாலோர் டிரா என்றே நினைத்திருப்பார்கள்.

இடைவேளைக்குப் பிறகு ஹர்பஜன் பந்தில் ஸ்டீவ் வா கேட்ச் கொடுத்தார். பிடித்தவர் மாற்று ஆட்டக்காரராக நின்ற தமிழ்நாட்டு ஹேமங் பதானி. ஸ்கோர் 166. அதே 166-இல் பான்டிங் போனார். கில்கிறிஸ்ட், ஹேடன், வார்ன் மூவரையும் டெண்டுல்கர் எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். 3 விக்கெட்டுக்கு 166 என்றிருந்தது 8 விக்கெட்டுக்கு 174 ஆனது. எட்டு ரன்னுக்குள் ஐந்து விக்கெட். கடைசியில் 212-க்கு ஆல் அவுட், 171 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ஹர்பஜனுக்கு 6 விக்கெட், பகுதிநேரப் பந்துவீச்சாளரான டெண்டுல்கருக்கு 3.

ஐந்தாம் நாள் மாலை ஈடன் ஆடுகளத்தில் பந்து சுழன்றது, எகிறியது, சில சமயம் தாழ்ந்தது. அந்த ஆடுகளத்தில், ஹர்பஜனுக்கு எதிராக, நான்காவது இன்னிங்ஸ் ஆடியது ஆஸ்திரேலியா. ஏன்? அவர்களே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. முதலில் பேட் செய்த அணிக்கு டாஸ் கொடுத்த பெரிய வரம், கடைசி இன்னிங்ஸை எதிரணி ஆட வேண்டும் என்பதுதான். ஃபாலோ ஆன் கொடுக்கும் கேப்டன் அந்த வரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எதிரணி மீண்டு எழுந்தால், கடைசியில் பேட் செய்யப்போவது அவர்தான். ஃபாலோ ஆனின் உண்மையான விலை இது.

மாற்றாக வா மறுபடி பேட் செய்திருந்தால்? மூன்றாம் நாள் காலையிலிருந்து ஒரு 60 ஓவர் ஆடி 200 ரன் சேர்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு இலக்கு 475. மிச்சம் இரண்டு நாள் சொச்சம். லக்ஷ்மண் அதே 281-ஐ அடித்திருந்தாலும் ஆட்டம் டிராவை நோக்கிப் போயிருக்கலாம், தேய்ந்த களத்தில் வார்ன் வென்று கொடுத்திருக்கலாம். ஆஸ்திரேலியா தோற்பதற்கான வழி மட்டும் ஏறக்குறைய அடைபட்டிருக்கும்.

களைப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அது வேறிடத்தில் தெரிந்தது. கொல்கத்தா டெஸ்ட் மார்ச் 15-இல் முடிந்தது, சென்னை டெஸ்ட் மார்ச் 18-இல் தொடங்கியது. நடுவில் இரண்டே நாள். 178 ஓவர் வீசிய கால்களோடு சேப்பாக்கத்துக்கு வந்த ஆஸ்திரேலியா, அங்கே ஹர்பஜனின் 15 விக்கெட்டுக்கு இரையாகி, இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றுத் தொடரையும் 2–1 என இழந்தது.

நான்கு தோல்விகள் சொல்வது

டெஸ்ட் வரலாற்றில் ஃபாலோ ஆன் ஆன அணி வென்றது நான்கே முறை. நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும்.

1894 சிட்னி. அப்போது ஃபாலோ ஆன் கட்டாயம். ஆஸ்திரேலியா 586 எடுத்தும், கடைசியில் 177 ரன் தேடி ஆட வேண்டிவந்தது. 2 விக்கெட்டுக்கு 113 என்று நிம்மதியாகத் தூங்கப்போனார்கள். இரவு மழை கொட்டியது. மூடப்படாத ஆடுகளத்தில் காலை வெயில் ஏறியதும் பந்து பேயாட்டம் ஆடியது. 166-க்கு ஆல் அவுட், பத்து ரன்னில் தோல்வி. 1981 ஹெடிங்லி. 7 விக்கெட்டுக்கு 135 என்ற நிலையிலிருந்து இயன் போத்தம் 149 ரன் அடித்து மீட்டார். அப்போதும் ஆஸ்திரேலியாவுக்குத் தேவை 130 மட்டுமே. எகிறிக் குதித்த ஆடுகளத்தில் பாப் வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, 111-இல் சுருண்டது. மூன்றாவது கொல்கத்தா. நான்காவது 2023 பிப்ரவரி, வெலிங்டன். 226 ரன் முன்னிலையில் பென் ஸ்டோக்ஸ் ஃபாலோ ஆன் கொடுத்தார். கேன் வில்லியம்சன் சதத்துடன் நியூசிலாந்து 483 எடுத்தது. 258 தேடிய இங்கிலாந்து 256-க்கு ஆல் அவுட். ஒரே ரன் வித்தியாசம்.

நான்கிலும் பந்துவீச்சாளர்கள் எதிரணியை மறுபடி கட்டுப்படுத்தத் தவறினார்கள். ஆனால் ஆட்டம் கைநழுவியது அதற்குப் பிறகுதான், நான்காவது இன்னிங்ஸின் பேட்டிங்கில். அதுவும் இரண்டு முறை 200-க்கும் குறைந்த இலக்கில்.

அப்படியானால் ஃபாலோ ஆன் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பா? அதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது. 1950 ஜனவரி, டர்பன். தென்னாப்பிரிக்கா 311. மழையில் நனைந்த களத்தில் ஹியூ டேஃபீல்ட் 23 ரன்னுக்கு 7 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியா வெறும் 75. முன்னிலை 236. கேப்டன் டட்லி நோர்ஸ் ஃபாலோ ஆன் கொடுக்கவில்லை. தன் அணியை அதே மோசமான களத்தில் பேட் செய்ய அனுப்பினார். 99-க்குச் சுருண்டார்கள். அதற்குள் களம் காய்ந்து தேறியது. 336 இலக்கை நீல் ஹார்வியின் 151 ரன் துணையோடு ஐந்து விக்கெட் மட்டும் இழந்து ஆஸ்திரேலியா எட்டிவிட்டது.

கொல்கத்தாவும் டர்பனும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியலாம். கேள்வி ஒன்றுதான்: ஆடுகளம் இனிமேல் கெடப்போகிறதா, தேறப்போகிறதா? கெடப்போகும் களத்தில் கடைசி இன்னிங்ஸை எதிரணியிடம் தள்ளுவதே புத்தி. இப்போது மோசமாக இருந்து நாளை தேறும் களத்தில், எதிரணியை இன்றே மறுபடி இறக்கிவிட வேண்டும்.

இன்றைய கேப்டன்கள் என்ன செய்கிறார்கள்?

கொல்கத்தாவில் 12 ஓவர் வீசிய பான்டிங், 2006-இல் பிரிஸ்பேனில் கேப்டன். இங்கிலாந்துக்கு எதிராக அவருக்கு 445 ரன் முன்னிலை. அப்போதும் ஃபாலோ ஆன் கொடுக்கவில்லை. மறுபடி பேட் செய்து 277 ரன் வித்தியாசத்தில் வென்றார். 2024 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில் வங்கதேசத்தை 149-க்குச் சுருட்டி 227 முன்னிலை பெற்ற ரோகித் சர்மாவும் அதையேதான் செய்தார். இரண்டாம் நாளே அந்த நிலை வந்துவிட்டதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. இந்தியா 4 விக்கெட்டுக்கு 287 சேர்த்து டிக்ளேர் செய்தது. கடைசி இன்னிங்ஸில் உள்ளூர்க்காரர் அஸ்வின் 6 விக்கெட் எடுக்க, 280 ரன் வெற்றி.

நேரம் குறைவாக இருந்தால் கணக்கு தலைகீழ். 2019 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு 322 முன்னிலை. மழை நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. விராட் கோலி தயங்காமல் ஃபாலோ ஆன் கொடுத்தார். சொந்த மண்ணில் ஆஸ்திரேலியா ஃபாலோ ஆன் ஆனது 31 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. மழை விடாததால் டிரா ஆனாலும் முடிவு சரியானது. வெற்றிக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதற்குச் சில நாள் முன்பு மெல்போர்னில் 292 முன்னிலையில் இதே கோலி ஃபாலோ ஆன் கொடுக்கவில்லை. 8 விக்கெட்டுக்கு 106 என்று தடுமாறி டிக்ளேர் செய்தபோது பலர் முணுமுணுத்தார்கள். மழை மிரட்டினாலும் 137 ரன்னில் வெற்றி வந்தது.

ஃபாலோ ஆன் கொடுத்து வென்றாலும் விலை உண்டு என்பதை 2025 அக்டோபர் டெல்லி டெஸ்ட் காட்டியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 270 முன்னிலையில் சுப்மன் கில் ஃபாலோ ஆன் கொடுத்தார். உயிரற்ற களத்தில் எதிரணி 390 எடுத்தது. ஏழு விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது, ஆனால் ஏறத்தாழ 200 ஓவர் ஒரே மூச்சில் வீசவேண்டி வந்தது. அந்த எதிரணி இன்னும் நூறு ரன் சேர்த்திருந்தால் கடைசி நாள் கதை வேறாகப் பேசப்பட்டிருக்கும்.

ரஞ்சிக் கோப்பையில் வேறொரு தூண்டுதலும் உண்டு. இன்னிங்ஸ் வெற்றிக்கும் பத்து விக்கெட் வெற்றிக்கும் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும். அந்த ஒரு புள்ளிக்காகவே, டெஸ்டில் தயங்கும் கேப்டன்கள் அங்கே துணிகிறார்கள். நான்கு நாளில் ஆட்டம் முடிய வேண்டும் என்பதும் அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

எப்போது கொடுக்கலாம்?

முன்னிலை 200-ஐத் தொட்டால் விதி அனுமதிக்கும். ஆனால் கேப்டன் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. அவர் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, மிச்சமிருக்கும் ஓவர். இரண்டு முழு நாளுக்கும் குறைவாக இருந்தாலோ மழை வரப்போகிறது என்றாலோ ஃபாலோ ஆன் கொடுப்பதே முறை. இரண்டாவது, இதுவரை வீசிய ஓவர். அறுபதுக்குள் என்றால் பந்துவீச்சாளர்கள் தயார். நூறைத் தாண்டிவிட்டால், அடுத்த டெஸ்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மூன்றாவது, ஆடுகளத்தின் நாளைய குணம். எதிரணியில் ஒரு நல்ல சுழற்பந்து வீச்சாளர் இருந்து, களமும் தேய்ந்துகொண்டிருந்தால், நேரம் இருக்கும்வரை மறுபடி பேட் செய்வதே மேல்.

ஸ்டீவ் வா முதல் இரண்டையும் சரியாகக் கணித்தார். மூன்றாவதை, அதாவது ஐந்தாம் நாள் மாலையில் ஹர்பஜனை எதிர்கொள்ளப்போவது யார் என்பதை, எடைபோடத் தவறினார். அவர் எடுத்தது முட்டாள்தனமான முடிவு என்று சொல்வது அநியாயம். பெரும்பாலும் அது வெற்றியில்தான் முடியும். ஆனால் தோற்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லாத வழி ஒன்று கையில் இருந்தபோது, தோற்கவும் இடம் தரும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார். அடுத்த முறை திரையில் 'ஃபாலோ ஆன் தவிர்க்க இத்தனை ரன்' என்று வரும்போது அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இன்னும் எத்தனை ஓவர் மிச்சம், எதிரணியின் சுழற்பந்து வீச்சாளர் யார் என்று பாருங்கள். கேப்டன் என்ன செய்ய வேண்டும் என்பது வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.